டிவி ரிமோட்டில் தமிழ்த் தேடல்: அம்மா கேட்ட ‘மூன்றாம் பிறை’

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மேலே இருக்கும் தம்பி ஒருவர் டிவி வாங்கப் போகிறார். விலை இறங்கியிருக்கிறதாம். “அக்கா, உங்கட ரிமோட்டில தமிழில கதைச்சா படம் வருதா?” என்று கேட்டார். வரும் என்றும் சொல்லலாம், வராது என்றும் சொல்லலாம் என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். படத்தின் தெளிவு, ஒலி எல்லாம் நல்லதுதான், அதில் குறை இல்லை. என்னைப் பாடாய்ப் படுத்துவது அந்த மைக் பட்டன் மட்டும்தான்.

அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். திரையில் வரும் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்த அவருக்குக் கண்ணும் இடம் கொடுக்காது, பொறுமையும் இல்லை. அவருக்காகத்தான் இந்த வசதியைப் பார்த்து வாங்கினோம். ஒரு நாள் “மூண்டாம் பிறை போடு” என்று ரிமோட்டிடம் கேட்டார். திரையில் வந்து விழுந்த சொற்கள்: “மூன்றாம் முறை”. அதற்குக் கீழே ஏதேதோ செய்திக் காணொளிகள்.

இங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கும். நாம் பேசுவது ரிமோட்டிலிருந்து புளூடூத் வழியாக டிவிக்குப் போய், அங்கிருந்து இணையத்தில் ஒரு சேவையகத்துக்குப் போகிறது. அங்கே ஒலி எழுத்தாகிறது. அந்த எழுத்தை வைத்துப் படப் பட்டியலில் தேடுவது அதற்கு அடுத்த வேலை. இரண்டும் வேறு வேறு. எது பிழைத்தது என்று கண்டுபிடிப்பதும் எளிது: தேடல் பெட்டியில் விழும் சொற்களைப் பாருங்கள். சொற்களே தவறாக இருந்தால் காது பிழைத்திருக்கிறது. சொற்கள் சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால் பட்டியல் பிழைத்திருக்கிறது.

முதலில் காது. ஒலியை எழுத்தாக்கும் மென்பொருள் காதில் விழுந்ததை மட்டும் பார்ப்பதில்லை, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்றும் கணக்குப் போடுகிறது. ‘மூன்றாம்’ என்றால் அதற்குப் பின் ‘முறை’ வருவது நாளாந்தப் பேச்சில் சகஜம். ‘பிறை’ வருவது அரிது. ஒலி கொஞ்சம் மங்கினால் போதும், அரிதான சொல் தோற்றுவிடும். படப் பெயர்கள் எல்லாமே இப்படி அரிதான சேர்க்கைகள்தான், கவனத்தை இழுக்கத்தானே அப்படிப் பெயர் வைக்கிறார்கள்! அதோடு அம்மா ‘மூண்டாம்’ என்கிறார். யாழ்ப்பாணத்தில் மூன்று என்பது மூண்டு. தமிழ்நாட்டுப் பேச்சில் அது மூணு. இந்த டிவியில் தமிழ் என்று இருப்பது ஒரே தெரிவு, அது இந்தியத் தமிழ். அந்தப் பேச்சுக்குப் பழகிய காதுக்கு அம்மாவின் ‘ண்டா’ பழக்கமில்லாத ஒலி. எழுபது வயதுக்கு மேல் ஒருவர் தன் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் மகள் ரிமோட்டை வாங்கி, பள்ளியில் வாசிப்பது போல ‘மூன்றாம் பிறை’ என்று அழுத்தமாகச் சொன்னாள். திரையில் எழுத்துக்கு எழுத்து சரியாக வந்தது. ஆனால் படம் வரவில்லை! அந்தப் படம் இருக்கும் செயலி எங்கள் டிவியிலேயே இருக்கிறது, கையால் தேடினால் வருகிறது. அப்படியானால் இது காதின் பிழை இல்லை.

பட்டியலில் அந்தப் படத்தின் பெயர் Moondram Pirai. தமிழ் எழுத்தில் இல்லை. ‘மூன்றாம்’ என்பதை எழுத்துக்கு எழுத்து ஆங்கில எழுத்தாக்கினால் Moonraam என்பது போல ஒன்றுதான் வரும், நடுவில் d இருக்காது. ‘ன்ற’ என்று எழுதியதை வாயால் சொல்லும்போதுதான் அந்த ஒலி பிறக்கிறது. அது தமிழ் பேசுகிறவருக்குத் தெரியும், எழுத்தை மட்டும் மாற்றும் நிரலுக்குத் தெரியாது. இப்படித்தான் ழ ஓரிடத்தில் zh, இன்னோரிடத்தில் l ஆகிறது. த எங்கே t, எங்கே th, எங்கே dh என்பது படத்தை வெளியிட்டவரின் விருப்பம். ஓரிரு எழுத்து மாறினாலும் பொருத்திப் பார்க்கும்படி தேடலை அமைத்திருந்தால் இந்த இடைவெளியைக் கடந்துவிடலாம். அதைவிட, பட்டியலில் தமிழ்ப் பெயரையும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. ஒரு மொழியில் பேசலாம் என்று விற்றுவிட்டு, அந்த மொழியில் பெயரை எழுதி வைக்காமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாட்டு இன்னும் மோசம். அதே படத்தில் வரும் ‘கண்ணே கலைமானே’யைக் கேட்டோம். எழுத்து சரியாக விழுந்தது, வந்தது 2019இல் வெளியான வேறொரு படம். அந்தப் பாட்டின் முதல் வரியையே பெயராக வைத்திருக்கிறார்கள். நாம் பாட்டை முதல் வரியால் நினைவு வைத்திருக்கிறோம். டிவியின் முகப்புத் தேடலோ படங்களைத்தான் முதலில் பார்க்கிறது, பழைய பாட்டு வரிகளைப் பெயராக்கிய புதுப் படங்களும் நிறைய. ‘பாட்டு’ என்ற சொல்லையும், பாடிய ஜேசுதாஸின் பெயரையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் அம்மா கேட்டது கிடைத்தது.

நியாயமாகச் சொல்வதென்றால் யூடியூப் செயலிக்குள் போய் அங்குள்ள மைக்கில் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. காணொளி ஏற்றுகிறவர்கள் தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் சேர்த்து எழுதுவதால்தான் அது. ஆட்களின் பெயரும் நன்றாக வேலை செய்கிறது. “பாலு மகேந்திரா” என்றதும் அவருடைய படங்கள் வரிசையாக வந்தன, 1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’யும் அதில் இருந்தது. “மட்டக்களப்பு ஆள் எல்லோ, எங்கட பேச்சு அவருக்கு விளங்கும்” என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பேச்சு மொழியை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றிப் படப் பெயரைச் சொன்னாலும் பல நேரம் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலே விழுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அமைப்புகளுக்குள் போய் மொழி மாற்ற யாரால் முடியும்? கைபேசியை ரிமோட்டாக இணைத்து, அதன் விசைப்பலகையில் தமிழ் (இலங்கை) வைத்துப் பேசினால் சொற்கள் இன்னும் சரியாக விழுகின்றன. பட்டியல் சிக்கல் அப்போதும் அப்படியேதான்.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். பட்டனை அழுத்தியதும் பேசத் தொடங்காதீர்கள், திரையில் மைக் அடையாளம் தோன்றிய பிறகு பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் அசை வெட்டுப்பட்டுவிடும். காலி வீதிப் பக்க யன்னலையும் அந்த நேரம் சாத்தி வையுங்கள். ஒலி கூட்டுவது, குறைப்பது எல்லாம் வேலை செய்து மைக் மட்டும் செத்திருந்தால் ரிமோட் பழுதாகியிருக்க வேண்டியதில்லை. எங்கள் ரிமோட்டில் அந்தப் பட்டன்கள் அகச்சிவப்பில் போகின்றன, குரலுக்குத்தான் புளூடூத் வேண்டும். அமைப்புகளில் மறுபடி இணைத்தால் உயிர் வந்துவிடும்.

அம்மா தினமும் பயன்படுத்துகிறார். செய்தி, சமையல், கோயில் திருவிழா எல்லாம் தானே கேட்டுப் பார்க்கிறார், யாரையும் எதிர்பார்ப்பதில்லை. இதற்கு முன் அது நடந்ததே இல்லை. ஆனாலும், தமிழில் பேசிப் படம் தேடலாம் என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கடைக்காரர் செய்து காட்டுவதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். வீட்டில் ரிமோட்டை அதிகம் பிடிக்கப் போகிறவரைக் கடைக்கே கூட்டிப் போய், முகப்புத் தேடலில், அவர் பேச்சிலேயே, அவருக்குப் பிடித்த பழைய படம் ஒன்றைக் கேட்க வையுங்கள்.