அசிட்டோனா, டிசிஇயா? வெல்டிங் பட்டறைக்கு எது?

வெல்டிங்குக்கு முன் இரும்பில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க அசிட்டோன் வாங்குவதா, டிரைகுளோரோஎத்திலீன் எனும் டிசிஇ வாங்குவதா? இரண்டின் பாதுகாப்புத் தரவுத்தாளிலும் 2-ஆம் பிரிவில் ‘அபாயம்’ என்றே போட்டிருக்கும். அசிட்டோனில் தீச்சுவாலைப் படம் உண்டு, டிசிஇயில் இல்லை. தீப்பொறி பறக்கும் இடம்தானே என்று பலர் அந்த ஒரு படத்தைப் பார்த்தே டிசிஇ பக்கம் சாய்கிறார்கள். நெஞ்சில் நட்சத்திரம் போல வெடித்த மனித உருவமும் டிசிஇ தாளில் இருக்கிறது. அது புற்றுநோய் போன்ற கடும் உடல்நலக் கேடுகளுக்கான குறி.

9-ஆம் பிரிவில் அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை சுமார் -20 டிகிரி செல்சியஸ். மார்கழிக் குளிரிலும் பற்றும் என்று பொருள். டிசிஇக்கு அப்படி ஓர் எண் கிடையாது. ஆனால் தாளை அங்கேயே மூடிவிடக் கூடாது. 10-ஆம் பிரிவுக்குப் போனால், டிசிஇ ஆவி வெல்டிங் வெப்பத்தில் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடும் பாஸ்ஜீனும் உண்டாகும் என்று இருக்கும். பாஸ்ஜீன் முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற வாயு. சுவாசித்தவருக்கு முதலில் லேசான இருமல்தான் வரும், நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துத் தெரியலாம்.

8-ஆம் பிரிவின் வரம்புகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள அறையைக் கதவு சாத்தி வைத்து, 100 மில்லி முழுதும் ஆவியாகிக் கலந்தால் டிசிஇ ஏறக்குறைய 1,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1,000 பங்கு ஆகிறது. அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பான ஏசிஜிஐஎச் எட்டு மணி நேர வேலைக்குச் சொல்லும் சராசரி வரம்பு 10 பிபிஎம். அசிட்டோன் சுமார் 1,200 பிபிஎம் வரும், வரம்பு 250. பற்றிக்கொள்ள 25,000 பிபிஎம் வேண்டும். ஆனால் இரண்டு ஆவியும் காற்றைவிடக் கனம், தரையோரம் தேங்கும். அறை முழுக்கச் சராசரி குறைவாக இருந்தாலும் சிந்திய இடத்தில் பற்றும் அளவு எட்டிவிடலாம்.

வைப்பு பற்றி 7-ஆம் பிரிவு. அசிட்டோனை இறுக மூடிய கேனில் வெல்டிங் மேடைக்கு எட்டாத தூரத்தில் வைக்கலாம். பீப்பாயிலிருந்து ஊற்றும்போது எர்த் கொடுக்க வேண்டும். டிசிஇயைக் காஸ்டிக் சோடா, அலுமினியத் தூள் பக்கம் வைக்கவே கூடாது.

முதலுதவியில் பாதி ஒன்றுதான்: கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர், மயங்கினால் வெளிக்காற்று, குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டிசிஇ தாளின் 4-ஆம் பிரிவில் மருத்துவருக்கென்று தனிக் குறிப்பு இருக்கும்: அட்ரினலின் வகை மருந்தைத் தவிர்க்கவும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆளோடு அந்தத் தாளும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் தேர்வு அசிட்டோன். தீயைத் தூரமும் காற்றோட்டமும் தடுக்கும். ஆனால் துடைத்த இரும்பு நன்றாகக் காய்ந்து, துடைத்த துணியும் மூடி போட்ட தகர டப்பாவுக்குள் போன பிறகே ஆர்க் அடிக்க வேண்டும்.