BCR::ABL1: காரியோடைப், ஃபிஷ், பிசிஆர் மூன்றில் எதை எப்போது நம்புவது?

மூன்று அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். நோயாளி கற்பனை, ஆனால் இப்படி ஒரு சிக்கல் ஆய்வகங்களில் நிஜமாகவே வருவதுதான். வயது 46. மண்ணீரல் வீங்கியிருக்கிறது. வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,80,000. நாள்பட்ட மைலாய்டு லுகேமியா, அதாவது சிஎம்எல், என்று சந்தேகம். காரியோடைப் அறிக்கை, பார்த்த 20 செல்களிலும் t(9;22)(q34;q11), அதாவது 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றம், இருப்பதாகச் சொல்கிறது. ஃபிஷ் அறிக்கையில் 200 செல்களில் 188-ல் BCR, ABL1 என்ற இரு மரபணுக்களின் இணைவு. பிசிஆர் அறிக்கையிலோ ஒரே வரி: "கண்டறியப்படவில்லை".

யார் சொல்வது சரி? மூன்று ஆய்வகங்களும் தத்தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தேடிய பொருள்தான் வேறு.

முதலில் ஒரு பெயர்ச் சிக்கல். BCR என்ற மரபணுவையும் பிசிஆர் என்ற சோதனையையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் மரபணுப் பெயர்களை அறிக்கையில் அச்சாகிறபடியே விடுகிறேன்.

9-ஆம் குரோமோசோமின் நுனியில் ABL1, 22-ஆம் குரோமோசோமில் BCR. ஒரு ரத்த மூல செல்லில் இவ்விரு குரோமோசோம்களும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 22-ஆம் குரோமோசோம் குட்டையாகிறது. அந்தக் குட்டைக் குரோமோசோமை 1960-ல் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் கவனித்தார்கள். அவர்கள் இருந்த ஊரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் ஆனது. அது வெறும் இழப்பு அல்ல, இடமாற்றம் என்று 1973-ல் காட்டியவர் ஜேனட் ரௌலி. ஒட்டிய இடத்தில் BCR-இன் தலையும் ABL1-இன் உடலும் சேர்ந்து ஒரே மரபணுவாகின்றன. அதுதான் BCR::ABL1.

காரியோடைப் இதைக் கண்ணால் பார்க்கிறது. எலும்பு மஜ்ஜை செல்களை ஓரிரு நாள் வளர்த்து, பிரியும் தறுவாயில் மருந்து கொடுத்து நிறுத்தி, சாயமேற்றி, வழக்கமாக 20 செல்களின் குரோமோசோம்களை வரிசைப்படுத்துவார்கள். செல் பிரிந்தால்தான் குரோமோசோம் தெரியும். வளர்ப்பு சரியாக வராவிட்டால் அறிக்கையே இல்லை. 20-ல் ஒன்று என்றால் 5 சதவீதம், அதற்குக் கீழே இந்தச் சோதனைக்குப் பார்வை கிடையாது. ஆனால் இதை மட்டமாக நினைக்கக்கூடாது. மூன்றில் இது ஒன்றுதான் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறது. 8-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கிறதா, இரண்டாவது பிலடெல்பியா வந்துவிட்டதா, 17-இல் கோளாறு உண்டா என்பதையெல்லாம் காட்டும். நோய் முற்றிக்கொண்டு போகிறது என்பதற்கு அவை எச்சரிக்கை.

ஃபிஷ் சோதனையில் ABL1-க்குச் சிவப்பு, BCR-க்குப் பச்சை என்று ஒளிரும் ப்ரோப்களை ஒட்ட வைப்பார்கள். சாதாரண செல்லில் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சைப் புள்ளிகள். இடமாற்றம் நடந்த செல்லில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, அப்புறம் இரண்டு நிறமும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும் இரண்டு புள்ளிகள். செல் பிரியக் காத்திருக்க வேண்டாம், சாதாரண ரத்தத்திலேயே பார்க்கலாம், முடிவும் சீக்கிரம் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய இடமாற்றத்தையும் பிடிக்கும். ஒரு தொல்லை உண்டு. கோளமான உட்கருவைத் தட்டையாகப் பார்ப்பதால், தொடர்பில்லாத சிவப்பும் பச்சையும் தற்செயலாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மஞ்சளாகத் தெரியலாம். அதனால்தான் ஒவ்வொரு ஆய்வகமும் ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளை எண்ணிப் பார்த்து ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறது. அந்த வரம்புக்குக் கீழே வரும் ஒன்றிரண்டு மஞ்சள் செல்களை வைத்து நோயாளியைப் பயமுறுத்தக்கூடாது.

தேடும் வரிசையைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் இங்கே பார்ப்பது டிஎன்ஏவை அல்ல, ஆர்என்ஏவை. ஏன் என்பது சுவையான விஷயம். குரோமோசோம் உடையும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. ABL1-இல் புரதமாக மாறாத நீண்ட இன்ட்ரான் பகுதிக்குள் எங்கு வேண்டுமானாலும் அது இருக்கலாம். பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டித் துண்டான பிரைமரை, எல்லாருக்கும் பொதுவாக டிஎன்ஏவில் வைக்க முடியாது. ஆனால் செல் ஆர்என்ஏ தயாரிக்கும்போது இன்ட்ரான்களை வெட்டி எறிந்துவிடுகிறது. மிஞ்சும் எக்ஸான்கள் பெரும்பாலானவர்களில் ஒரே இரண்டு விதமாகத்தான் சேர்கின்றன: BCR-இன் 13 அல்லது 14-ஆம் எக்ஸானுக்குப் பின் ABL1-இன் 2-ஆம் எக்ஸான். அறிக்கையில் e13a2, e14a2 என்று வரும். ஆக, ஆயிரம் விதமாக உடைந்தது இரண்டு விதமாகச் சுருங்கிவிடுகிறது. அதன் இரு பக்கமும் பிரைமர் வைத்துப் பெருக்கினால், லட்சம் செல்களில் ஒன்றைக்கூடப் பிடிக்கும் அளவுக்குக் கூர்மை கிடைக்கிறது.

நம் நோயாளி மாட்டியது இந்தக் கூர்மையில்தான். சிலரில் ABL1-இன் 2-ஆம் எக்ஸானும் விடுபட்டு, BCR நேராக 3-ஆம் எக்ஸானோடு சேர்ந்துவிடும். அது e14a3. பரவலாகப் பயன்படும் பிரைமரும் ப்ரோபும் உட்காருவது அந்த 2-ஆம் எக்ஸானில். உட்கார இடமே இல்லை என்றால் எதைப் பெருக்குவது? இணைவு செல்களில் நிறைந்து கிடக்கிறது, சோதனை "இல்லை" என்கிறது. வேறு பிரைமர் போட்டுப் பெருக்கி, எழுத்துகளை வரிசையாகப் படித்தால் உண்மை வெளிவரும்.

இது முதல் நாளே தெரிந்தால் பிழைத்தோம். ஃபிஷ்ஷை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்கி, மூன்று மாதம் கழித்து முதன்முறையாக பிசிஆர் அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? "கண்டறியப்படவில்லை" என்று வரும். எல்லாரும் மகிழ்ந்துபோவார்கள், மருந்து வேலையே செய்யாமல் இருந்தாலும். அதனால் தொடக்கத்திலேயே எந்த வகை ஆர்என்ஏ என்று எழுதி வைத்திராத பிசிஆர் பின்தொடர்தலை நான் நம்பமாட்டேன்.

பிசிஆர் எண்ணை வாசிப்பதிலும் ஒரு கவனம் தேவை. வேறொரு நோயாளிக்கு BCR::ABL1 42 பிரதிகள், ஒப்பீட்டுக்கான ABL1 60,000 பிரதிகள் என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 60,000-ஆல் வகுத்தால் 0.07 சதவீதம். அந்த ஆய்வகத்தின் திருத்தக் காரணி 0.8 என்றால், எல்லா ஆய்வகங்களின் எண்களையும் ஒப்பிட உதவும் சர்வதேச அளவுகோலில் 0.056 சதவீதம். முதலாண்டு முடிவில் எதிர்பார்க்கும் 0.1-க்குக் கீழே வந்துவிட்டது, நல்லது. இன்னொருவருக்கு BCR::ABL1 பூஜ்யம், ஆனால் ABL1 வெறும் 4,000. இது முன்னதைவிட நல்ல முடிவா? இல்லை. ரத்த மாதிரி வந்துசேரும் வழியில் தாமதமாகி ஆர்என்ஏ சிதைந்திருக்கலாம். ABL1 10,000-ஐயாவது தொடாத மாதிரியில் வரும் பூஜ்யத்துக்குப் பொருளில்லை. திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

சரி, எதை எப்போது? நோய் கண்டறியும் நாளில் மூன்றும் வேண்டும், செலவைக் குறைக்கிறேன் என்று ஒன்றை விடுவது தவறு. சிகிச்சை தொடங்கியபின் பிசிஆர்தான் ராஜா. மூன்றாம் மாதம் 10, ஆறாம் மாதம் 1, பன்னிரண்டாம் மாதம் 0.1 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஃபிஷ்ஷால் 1 சதவீதத்துக்குக் கீழே எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. எண் ஏறினாலோ ரத்தப் படம் சரியில்லை என்றாலோ காரியோடைப் மறுபடி வரவேண்டும்.

ஒரே இணைவு நோயைக் கண்டுபிடிக்கவும் மருந்தின் வேலையை அளக்கவும் பயன்படுகிறது என்றால், அதுவே மருந்துக்கு இலக்காகவும் இருப்பதுதான் காரணம். ABL1 ஒரு கைனேஸ், வளர்ச்சிக்கான சமிக்ஞை தரும் நொதி. இயல்பில் அதன் முன்நுனி மடங்கி வந்து தன்னைத்தானே பூட்டி வைத்திருக்கும். இணைவில் அந்தப் பூட்டு போய்விடுகிறது. BCR-இலிருந்து வந்த பகுதி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கைனேஸ்களைக் கூட்டமாகச் சேர்த்து, எப்போதும் முடுக்கிவிட்ட நிலையில் வைக்கிறது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உட்கார வேண்டிய குழியில் தான் உட்கார்ந்து இதை நிறுத்துகிறது.

இணைவு புற்றுசெல்லில் மட்டும் இருப்பதால் மருந்து அதை மட்டும் தாக்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. இமாட்டினிப் ஒட்டுமிடத்தைத் தொடுவதே இல்லை. சாதாரண ABL1-ஐயும், KIT போன்ற வேறு சில கைனேஸ்களையும்கூட அது பிடிக்கும். வித்தியாசம் என்னவென்றால், லுகேமியா செல் அந்த ஒரு சமிக்ஞையை நம்பியே வாழ்கிறது, சாதாரண செல் அப்படி இல்லை. நம் e14a3 நோயாளிக்கும் மருந்து வேலை செய்வதற்குக் காரணம் இதுவே. விடுபட்டது பிரைமர் உட்காரும் எக்ஸான், மருந்து உட்காரும் குழி அல்ல. அந்தக் குழியின் வாசலில் T315I என்ற ஒற்றை மாற்றம் வந்தால் இமாட்டினிப் நுழையாது. அதற்குப் பொனாட்டினிப், அல்லது குழியை விட்டுவிட்டு இழந்த பூட்டின் இடத்தைப் பிடிக்கும் அசிமினிப்.

எல்லா இணைவும் இப்படி வசதியாக அமைவதில்லை. தீவிர புரோமைலோசைட்டிக் லுகேமியாவின் PML::RARA கைனேஸே அல்ல. ஆனால் ஒரு முனையை வைட்டமின் ஏ வழிவந்த ஏடிஆர்ஏ பிடிக்கும், மறுமுனையை ஆர்செனிக் பிடிக்கும், இணைவுப் புரதமே சிதைந்துபோகும். அங்கே ரத்தப்போக்கு ஆபத்து அவ்வளவு பெரிது, ஃபிஷ் முடிவுக்குக்கூடக் காத்திராமல் சந்தேகத்திலேயே ஏடிஆர்ஏ தொடங்கிவிடுவார்கள். குழந்தைகளின் லுகேமியாவில் அடிக்கடி வரும் ETV6::RUNX1-இல் மருந்து உட்காரத் தோதான குழி இல்லை. அதைக் கண்டுபிடிப்பது நோயின் போக்கைக் கணிக்க உதவுகிறது, மாத்திரை தேர்ந்தெடுக்க அல்ல.

நம் நோயாளிக்கு மருந்து உண்டு, அளக்கும் கருவியில்தான் குறை. அவருக்கென்றே e14a3-க்கு ஏற்ற பிரைமர் வைத்திருக்கும் ஆய்வகம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஃபிஷ்தான். பல ஆண்டுகள் 0.01 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் சிலர் மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்பத் தலைகாட்டுகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். மாதா மாதம் பிசிஆர் பார்ப்பதால் அதை உடனே பிடித்து மாத்திரையை மறுபடி தொடங்க முடிகிறது. சர்வதேச அளவுகோலில் எண் வராத இவருக்கு அந்த முயற்சியைப் பரிந்துரைப்பதில்லை. மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள்.