ஐந்து லட்சமா, ஆறு லட்சமா?

இரண்டு முதலீடுகளில் முதலாவது ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 1 லட்சம் வீதம் 5 ஆண்டுகள் தரும். இரண்டாவது, ஐந்தாம் ஆண்டு முடிவில் மொத்தமாக 6 லட்சம். வெறுமனே கூட்டினால் இரண்டாவதுதான் பெரிது.

ஆனால் இதே ரிஸ்க்கில் வேறிடத்தில் 10% கிடைக்கும் என்றால், முதல் ஆண்டு லட்சத்தை 1.10 ஆல் வகுக்க வேண்டும். இன்றைக்கு அது 90,909 ரூபாய்தான்; அந்தத் தொகையை 10 சதவீதத்தில் போட்டாலே ஓராண்டில் லட்சமாகிவிடும். ஐந்தாம் ஆண்டு லட்சத்தை ஐந்து முறை வகுத்தால் 62,092. ஐந்தையும் கூட்டினால் முதலாவதின் இன்றைய மதிப்பு சுமார் 3.79 லட்சம். இரண்டாவது 3.73தான்.

சரி, விகிதத்தை 8% ஆக்குங்கள். முதலாவது 3.99, இரண்டாவது 4.08. முடிவே மாறிவிட்டது! யாராவது இப்படி ஒரு மதிப்பீட்டை என்னிடம் நீட்டினால் நான் முதலில் தேடுவது அந்த விகிதத்தைத்தான். இங்கே 9 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியதும் இரண்டும் சமம்.