நங்கநல்லூரில் நாலரை நிமிடம்

இந்தத் தடவை மார்கழிக்கு ஊருக்கு வந்தபோது பல் மருத்துவமனை வாசலை மிதிக்கிற எண்ணமே எனக்கு இல்லை. பர்மிங்காமில் வருஷம் முழுக்க அதுதானே வேலை. ஆனால் அக்கா மகள், பத்தொன்பது வயது, ஃபில்டர் காபி ஆறும் வரை காத்திருந்துதான் குடித்தாள். ஐஸ்கிரீம் என்றால் வலது பக்கமாகவே சாப்பிட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். இடது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில், முன்பக்கத்தில், எனாமலுக்கு அடியில் சாம்பல் நிழல்.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பெரிய கிளினிக். எக்ஸ்ரே எடுத்தார்கள், திரையில் காட்டினார்கள். சொத்தை, பல்லுக்குள் நரம்பும் ரத்தமும் ஓடும் பற்கூழை நோக்கி ஆழமாக இறங்கியிருந்தது, மறுப்பதற்கில்லை. "ரூட் கெனால் பண்ணி கேப் போட்டுடலாம்" என்றார் டாக்டர். குளிர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "எக்ஸ்ரேலயே தெரியுதே சார்" என்றார். நானும் தொண்ணூறுகளின் கடைசியில் இதே ஊரில்தான் படித்தேன். அப்போது பற்கூழ் திறந்துவிட்டால் கால்சியம் ஹைட்ராக்சைடு வைப்போம், பாதி பல் தோற்றுத் திரும்பி வரும், அதனால் பெரும்பாலும் நேரே ரூட் கெனாலுக்கே போய்விடுவோம். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இது என்று தோன்றியது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது, நங்கநல்லூரில் ஒரு மாடிக்கடை அளவு கிளினிக். வேர் சிகிச்சைப் படிப்பான எண்டோடான்டிக்ஸ் முடித்த பெண் டாக்டர், ஒரே நாற்காலி, ஒரு மைக்ராஸ்கோப். அவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்து, முதலில் வலது பக்கத்து நல்ல பல்லில் வைத்தார். "இது எப்படி இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோம்மா." பிறகு சொத்தைப் பல்லில் வைத்தார். சுருக்கென்று இழுத்தது. பஞ்சை எடுத்ததும் மூன்று நான்கு நொடியில் போய்விட்டது. தட்டிப் பார்த்தால் வலி இல்லை. ராத்திரி வலித்து எழுந்ததும் இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருமை இல்லை. பஞ்சை எடுத்த பிறகும் வலி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீடித்திருந்தால் கதை வேறு. அவளுக்கு அப்படி இல்லை. பற்கூழ் எரிச்சலில் இருக்கிறது, ஆனால் மீளக்கூடிய நிலை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

"ஆனா சார், இது ஊகம்தான். திறந்தா அதுவே சொல்லும்" என்றார்.

மரத்துப்போக ஊசி, பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டேம், டேமுக்கு மேலேயே பல்லைக் கிருமிநாசினியால் துடைத்தது எல்லாம் வழக்கம்போல. சொத்தையை எடுத்த வரிசையைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலில் ஓரங்களை, எனாமலும் அதற்கு அடியில் உள்ள டென்டினும் சேரும் இடத்தை, சுத்தமாகக் கட்டியான டென்டின் வரும்வரை எடுத்தார். பற்கூழுக்கு மேலே இருந்ததைக் கடைசிக்கு விட்டார். அங்கே போகும்போது, சுழன்று குடையும் முனையான பர்ரை மாற்றிப் புதிய ஸ்டெரைல் பர் போட்டார். மேலிருந்த கிருமியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதற்காக. பொதுவாக அந்த ஆழத்தில் கொஞ்சம் மிருதுவான டென்டினை விட்டுவைத்து மூடுவதும் உண்டு. இங்கே பற்கூழின் முன்பக்க முனையான மீசியல் கொம்பின் மேல் மூடியே இல்லை. கடைசிச் சுரண்டலில் குண்டூசித் தலை அளவில் சிவப்பு பூத்தது.

இனி எல்லாம் ரத்தத்தின் கையில். 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சுருண்டையை அழுத்தாமல் வைத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் எடுத்தபோது மெல்லக் கசிந்தது. புதிய பஞ்சு. ஐந்து நிமிடத்துக்குள் நிற்கிறதா என்பதுதான் பலரும் வைத்திருக்கும் கணக்கு. நிற்கவில்லையென்றால் வீக்கம் இன்னும் கீழே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் பற்கூழை நீக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் நிற்காவிட்டால் மேல்பகுதிக் கூழ் முழுவதும். ரத்தமே வராவிட்டால் அது நல்ல செய்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த இடத்துத் திசு செத்திருக்கலாம். நாலரை நிமிடத்தில் பஞ்சை எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் ஈரமான இளஞ்சிவப்புப் பரப்பு, கசிவு இல்லை. அக்கா மகளைவிட நான்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

திறந்த பற்கூழை உயிரோடு காப்பாற்ற அதன் மேல் மூடியாக வைத்தது பயோடென்டின். ட்ரைகால்சியம் சிலிகேட் தூள் ஒரு கேப்சூலில் வரும். அதில் திரவம் ஐந்து சொட்டு விட்டு, கலக்கும் மெஷினில் முப்பது நொடி. உதவியாளர் பேச்சுவாக்கில் ஆறு சொட்டு விட்டுவிட்டார். வெளியே வந்தது தோசைமாவு பதத்தில் தளர்ந்திருந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த கேப்சூலை உடைத்தார். விலை குறைந்த பொருள் இல்லை. ஆனால் தண்ணீர் கூடினால் இறுகுவதும் தள்ளிப்போகும், பலமும் குறையும். இரண்டாவது கலவை சுவருக்குப் பூசும் புட்டி மாதிரி கெட்டியாக வந்தது. திணிக்காமல், மெல்லத் தட்டி, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் படியவைத்தார். திறந்த புள்ளியோடு நிற்காமல், சுற்றியிருந்த டென்டின் மேலும் பரவும்படி.

இது தண்ணீரோடு சேர்ந்து இறுகும் சிமென்ட். கட்டிட சிமென்ட்டுக்கு உறவுக்காரன் என்று சொல்லலாம். இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடை விடுகிறது, காரத்தன்மை ஏறுகிறது, அதைத் தொட்ட டென்டினிலிருந்து வளர்ச்சிக் காரணிகள் வெளிவருகின்றன. பற்கூழில் இருக்கும் செல்கள் டென்டின் போடும் செல்களாக மாறி கீழே பாலம் கட்டுகின்றன. பழைய கால்சியம் ஹைட்ராக்சைடும் பாலம் கட்டவைத்தது. ஆனால் அந்தப் பாலத்தில் பொத்தல்கள் இருக்கும், பொருளும் நாளாக நாளாகக் கரைந்து அடியில் வெற்றிடம் விடும். 1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டாவில் டோராபினெஜாட் குழு கொண்டுவந்த எம்.டி.ஏ என்ற சிமென்ட் இந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் எம்.டி.ஏ இறுக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதிலிருக்கும் பிஸ்மத் ஆக்சைடு பல்லைக் கறுக்கவைக்கும், ஹைப்போகுளோரைட் பட்டால் இன்னும் மோசம். முன்பல்லில் இதை மறக்கவே கூடாது.

பயோடென்டினுக்குக் கலக்க ஆரம்பித்ததிலிருந்து பன்னிரண்டு நிமிடம். அவ்வளவு நேரமும் டாக்டர் தண்ணீரும் அடிக்கவில்லை, காற்றும் ஊதவில்லை. பிறகு மேலே ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர், அதற்கு மேல் பல் நிற அடைப்பான காம்போசிட், அன்றைக்கே. கிருமி உள்ளே கசிந்தால் கீழே எவ்வளவு நல்ல சிமென்ட் இருந்தும் பல் தோற்றுவிடும். மொத்த பில், முதல் கிளினிக் ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் சொன்னதில் பாதிகூட இல்லை.

கிளம்பும்போது, பல்லில் என்ன வைத்தார் என்று எழுதித் தரச் சொன்னேன். காரணம் என் பழைய பாவம். பயோடென்டினில் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்க்கும் சிர்கோனியம் ஆக்சைடு கொஞ்சம்தான், அதனால் படத்தில் டென்டின் மாதிரியே தெரியும். வெள்ளை காம்போசிட்டுக்கு அடியில் அது சாம்பலாக இருப்பதைப் பார்த்து, விட்டுப்போன சொத்தை என்று நினைத்து, பர்மிங்காமில் ஒருவருடைய பல்லை நான் திறந்திருக்கிறேன். பர் பட்டபோது கட்டியாக, வெளிர் மஞ்சளாக ஏதோ தூள் பறந்ததும்தான் புரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி மூடினேன்.

அக்கா மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். மூன்று நாள் லேசான கூச்சம் இருந்ததாம், அப்புறம் இல்லையாம். "ஐஸ்கிரீம் ரெண்டு பக்கமும் சாப்பிடறேன் மாமா" என்று அனுப்பியிருந்தாள். அது போதாது என்று பதில் போட்டேன். ஆறாம் மாதம் ஒரு குளிர் சோதனை, ஒரு எக்ஸ்ரே. பிறகு ஒரு வருடத்தில் மறுபடி, அதன்பின் நான்கு வருடம் வரை வருஷத்துக்கு ஒருமுறை. சில பற்கள் வலியே இல்லாமல் உள்ளுக்குள் சாகும், வேர் நுனியில் கருமை வந்த பிறகுதான் தெரியும். டாக்டர் எழுதித் தந்த சீட்டின் படத்தை அவள் போனில் ஜூலை முதல் வார நினைவூட்டலோடு சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே எந்த டாக்டரிடம் போனாலும், வாயைத் திறப்பதற்கு முன் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும்.