சி.இ. முத்திரையா, ஐ.எஸ்.ஐ. முத்திரையா: பெட்டிப் படமே சொல்லும்

குழந்தைக்குப் பேட்டரி பொம்மைக் கார் ஒன்று வாங்க வேண்டும். ஆன்லைனில் இரண்டு பெட்டிகள்: ஒன்றில் சி.இ. மட்டும், மற்றதில் ஐ.எஸ்.ஐ. விலை சற்றுக் கூட.

யார் தந்தது?
சி.இ.: ஐரோப்பிய விதிப்படி தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. இந்தியாவில் செல்லாது.
ஐ.எஸ்.ஐ.: இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸிடம் உரிமம் பெற்றால்தான் போடலாம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குக் கட்டாயம்.

சரிபார்க்க முடியுமா?
சி.இ.: வெறும் இரண்டு எழுத்து, தேடிப் பார்க்க எண் கிடையாது.
ஐ.எஸ்.ஐ.: படத்தைப் பெரிதாக்குங்கள். முத்திரைக்கு மேலே IS 15644 (மின்சாரப் பொம்மைக்கு, சாதாரணப் பொம்மைக்கு IS 9873), கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். போலிகள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்: எண்ணே இருக்காது, அல்லது வேறொரு நிறுவனத்தின் எண்ணாக இருக்கும். பேட்டரி காரில் IS 9873 மட்டும் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

எண் மங்கலாக இருந்தால் விற்பவரிடம் வேறு படம் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடலாம்.

விளையாடக் கொடுக்க, எண் ஒத்துப்போகும் ஐ.எஸ்.ஐ. பெட்டிதான். சி.இ. மட்டும் உள்ளது, பெரியவர்கள் அலமாரியில் அழகுக்கு வைக்க வேண்டுமானால் ஆகும்.