மரவள்ளியா, கசப்பு பாதாமா?

தண்டையார்பேட்டை தள்ளுவண்டியில் வாங்கும் மரவள்ளியிலும் கசப்பு பாதாமிலும் சயனைடு சர்க்கரையோடு பிணைந்தே இருக்கிறது. நறுக்கினாலோ மென்றாலோ நொதி அதைப் பிரித்துவிடும்.

மரவள்ளியில் இந்த நஞ்சை வீட்டிலேயே நீக்க வழி உண்டு. தோலில்தான் நஞ்சு அதிகம், தடிமனாகச் சீவுங்கள். சிறு துண்டுகளாக்கி, நிறைய பச்சைத் தண்ணீரில் போட்டு, மூடாமல் வேகவையுங்கள். கொதிநீரில் நேரே போட்டால் நொதி உடனே செத்துவிடும், நஞ்சு பிரியாமல் கிழங்கிலேயே தங்கும். வெந்த நீரைக் கொட்டிவிடுங்கள், குழம்புக்கு எடுக்காதீர்கள். கசக்கிற கிழங்கென்றால் வீட்டுச் சமையலை நம்ப வேண்டாம்.

கசப்பு பாதாமோ வேறு கதை. ராத்திரி ஊறவைத்துத் தோலுரித்தாலும் நஞ்சு பருப்புக்குள்ளேயே இருக்கும். ஆலையில் எண்ணெயெடுத்துச் சயனைடை நீக்குவார்கள். வீட்டில் அது ஆகாது. பாக்கெட்டில் ஒன்று கசந்தால் துப்பிவிடுங்கள். குழந்தைக்குச் சில பருப்புகளே ஆபத்து.