கான்ட்ராக்டரிடம் அளவுப் பட்டியல் கேட்டு எழுதிய கடிதம்: வீடு முடிந்து குடிவந்த பிறகு ஒரு அனுபவப் பகிர்வு

திருச்சி புறநகரில் தரைதளம், முதல் தளம் என இரண்டு தளம், தளத்துக்கு 850 சதுர அடி. சிமெண்ட், கம்பி, மணல், செங்கல் எல்லாம் நாங்கள் வாங்கித் தர வேண்டும், வேலை மட்டும் கான்ட்ராக்டருடையது என்று பேசி முடித்திருந்தோம். பொருள் நம் பொறுப்பு என்றால் எது, எவ்வளவு, எப்போது வேண்டும் என்பது கையில் இருக்க வேண்டும். கேட்டதற்கு அவர் முதலில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. சதுர அடிக்கு 0.4 மூட்டை வீதம் சிமெண்ட் 680 மூட்டை, சதுர அடிக்கு 4 கிலோ வீதம் கம்பி 6.8 டன், இப்படி நாலைந்து வரி.

அது தப்பான கணக்கு அல்ல. வங்கிக் கடனுக்கும் மொத்தச் செலவை மனதில் போட்டுப் பார்ப்பதற்கும் அது போதும். ஆனால் அஸ்திவாரம் முடிந்ததும் 140 மூட்டை தீர்ந்திருந்தால், அது சரியா கூடுதலா என்று அந்தச் சீட்டு சொல்லாது. தண்ணீர் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் இதெல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதும் தெரியாது. பெரும்பாலான வீடுகளில் "கணக்கைத் தாண்டிப் போச்சு" என்று சொல்வது இந்த இடத்தில்தான். அதனால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதன் முக்கியப் பகுதி இது:

"அண்ணா, வணக்கம். மொத்த அளவு கிடைத்தது, நன்றி. பூட்டிங், பில்லர், பிளிந்த் பீம், சுவர், லிண்டல், தளம், மாடிப்படி, பூச்சு என்று தளவாரியாகத் தனித்தனி வரியில் அளவு வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை, கலவை விகிதம் இருக்கட்டும். சுவரிலும் பூச்சிலும் கதவு, ஜன்னல் கழித்ததைக் காட்டுங்கள். கம்பியைக் கனம் வாரியாகக் கிலோவிலும், 12 மீட்டர் கம்பி எத்தனை என்றும் எழுதுங்கள். சேதாரத்தை அளவோடு கலக்காமல் தனிக் கட்டத்தில் போடுங்கள். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் இதில் உண்டா இல்லையா என்பதையும் குறிப்பிடுங்கள். எந்த வேலைக்கு எத்தனை நாள் முன்னால் பொருள் இறங்க வேண்டும் என்று சொன்னால் நான் ஏற்பாடு செய்துவிடுவேன்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நம்பிக்கை இல்லையா சார்?" என்றார். "சரக்கு தீர்ந்து உங்க ஆட்கள் சும்மா நிக்கக் கூடாதுண்ணே, அதுக்குத்தான்" என்றேன். அது உண்மையும்கூட. கடைசி வரியை எழுதியதற்குக் காரணம் அதுதான்; அந்த வரிதான் அவரைச் சம்மதிக்க வைத்தது என்று நினைக்கிறேன். அவருடைய இன்ஜினியர் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை வைத்துப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தார்.

பட்டியல் முதலில் கைகொடுத்தது மண் தோண்டும்போது. 5 அடி ஆழம் என்று போட்டிருந்தார்கள். தோண்டினால் ஒரு மூலையில் பழைய நிரப்பு மண், கெட்டி மண் வர ஆறரை அடி போக வேண்டியிருந்தது. பில்லருக்கு அடியில் போடும் கான்கிரீட் பாதமான பூட்டிங்கின் நீள அகலம் மாறவில்லை. மண் வேலையும், தரைக்குக் கீழே நிற்கும் பில்லர் உயரமும் மட்டும் கூடின. வரி வரியாக இருந்ததால் அந்த இரண்டை மட்டும் திருத்திக் கூடுதல் செலவை ஒத்துக்கொண்டோம். பேரமே நடக்கவில்லை.

தளம் போட்ட அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 850 சதுர அடி, 5 அங்குலக் கனம் என்றால் 354 கன அடி. சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற கலவைக்கு ஏறக்குறைய 81 மூட்டை சிமெண்ட், நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் ஒன்றரை யூனிட் எம்-சாண்ட், முக்கால் அங்குல ஜல்லி மூன்று யூனிட். தளத்துக்குக் கீழே தொங்கும் பீம்களைத் தனி வரியில் 83 கன அடி, 19 மூட்டை என்று காட்டியிருந்தார்கள். ஆக 100 மூட்டை. காலி சாக்குகளை ஒரு ஓரமாக அடுக்கச் சொல்லியிருந்தேன். பாதித் தளம் முடிந்தபோது 50 இருக்க வேண்டிய இடத்தில் 54 சாக்கு இருந்தது.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கலவையில் சிமெண்ட் கூடப் போயிருக்கலாம், இல்லையென்றால் கனம் கூடியிருக்கலாம். மிக்சர் அருகே நின்று பார்த்ததில் ஜல்லிப் பெட்டியும் மணல் பெட்டியும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அளவுக் கோடு போட்ட கம்பியைப் பச்சைக் கான்கிரீட்டில் குத்திப் பார்த்தால் ஐந்தரை அங்குலம். பாதித் தளத்தில் அரை அங்குலம் கூடினால் கிட்டத்தட்ட 18 கன அடி, அதாவது நாலு மூட்டை. கணக்கு நேராக விழுந்தது. மேஸ்திரி மீதிப் பாதிக்கு மட்டத்தைச் சரிசெய்தார். 104 மூட்டையில் முடிந்தது. சிமெண்ட் மிச்சத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, தேவையில்லாத பாரம் தளத்தில் ஏறாமல் நின்றதுதான்.

கம்பியைக் கிலோவிலும் எண்ணிக்கையிலும் கேட்டதற்கும் காரணம் உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லி கம்பி என்றால் 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ. ஆக 640 கிலோவுக்கு 60 கம்பி. ஒருமுறை எடை மேடை ரசீது 640 என்று சரியாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் 64 கம்பி. நீளத்தை டேப் வைத்துப் பார்த்தோம், 12 மீட்டர்தான். அப்படியென்றால் ஒவ்வொன்றும் 10 கிலோ, ஆறு சதவீதம் எடை குறைவு. கட்டுமானக் கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786 இந்தக் கனத்துக்கு அனுமதிப்பது ஐந்து சதவீதம். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். எடையை மட்டும் பார்த்திருந்தால் நாலு கம்பி இலவசம் என்று சந்தோஷப்பட்டிருப்போம். வரைபடம் கேட்ட கனமில்லாத கம்பி பில்லருக்குள் போயிருக்கும்.

சேதாரக் கட்டத்தில் கம்பிக்கு பத்து சதவீதம் போட்டிருந்தார்கள். கேட்டபோது, கம்பியோடு கம்பி ஒட்டிக் கட்டும் லேப் நீளத்துக்காக என்றார்கள். அந்த நீளம் ஏற்கெனவே வரிகளில் இருந்தது. இரண்டு முறை வந்ததை எடுத்ததும் மூன்று சதவீதமானது. சுவரிலும் இதே மாதிரி ஒன்று. ஹாலின் முன்சுவர் 16 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குலக் கனம், 120 கன அடி. அதில் வாசல் கதவும் ஒரு பெரிய ஜன்னலும் சேர்ந்து 33 கன அடி, கழிக்க மறந்திருந்தார்கள். ஏறக்குறைய 360 கல், ஒரே சுவரில்.

இந்தப் பட்டியலுக்கு எல்லையும் உண்டு. மணல் லாரியில் எத்தனை கன அடி இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒவ்வொரு முறையும் லாரிப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரத்தை நாமே அளக்க வேண்டும். வேலையின் தரத்தையும் காகிதத்தில் பார்க்க முடியாது. பிளம்பிங், எலக்ட்ரிகல் பக்கங்கள் எங்களுக்கு அவ்வளவாக உதவவில்லை. சுவரில் பாயிண்ட் மாற்றிக்கொண்டே இருந்தோம், பைப் கணக்கு அதோடு ஓடிக்கொண்டே இருந்தது.

போன மாதம் வெளிச்சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார். டேப்பை எடுக்காமலே 4,000 சதுர அடி என்றார். அலமாரியிலிருந்து பட்டியலை எடுத்து வெளிப்பூச்சு வரியைக் காட்டினேன்: ஜன்னல் கழித்து 3,150. இரண்டு பக்கச் சுவரை மட்டும் அளந்து சரிபார்த்துவிட்டு, அந்த அளவுக்கே விலை பேசினார்.